நகையில் படக் கூடாத கிறீம்

"டீச்சர், இந்த மோதிரத்தைக் கொஞ்சம் பாருங்களேன். தங்கம் வெளுக்குமா?"

கேட்டவள் என்னிடம் முன்பு படித்த பிள்ளை. சித்திரையில் கல்யாணம். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி ஆகியிருந்தது. ஹட்டன் டவுனில் நகைக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆசாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாதரசம் பட்டிருக்கு, வீட்டில் தெர்மாமீட்டர் எதுவும் உடைஞ்சதா?" என்று கேட்டாராம். உடையவில்லை. ஆனால் மூன்று வாரமாக இரவில் அதே கையால் முகம் வெளுக்க ஒரு கிறீம் பூசிக்கொண்டிருந்தாள்.

கிறீமைக் கொண்டுவரச் சொன்னேன். சின்ன மஞ்சள் டப்பா, 30 கிராம், சம்பள நாள் சந்தையில் வாங்கியது. வெளிப்பெட்டியின் ஒரு ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பாவிக்கவும். முகத்துக்குப் பூசும் பொருளுக்கு ஏன் நகையைப் பற்றி எச்சரிக்கை? பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் கலந்து இரசக்கலவை ஆகிவிடும், அலுமினியத்தை அரிக்கும். செய்தவர்கள் பாதரசத்தின் பெயரை மறைத்துவிட்டார்கள், குணத்தை மட்டும் எழுதிவைத்துவிட்டார்கள். லேபலில் பார்க்க வேண்டிய அடையாளங்களில் எனக்கு முதலாவது இதுதான்.

சரி, பாதரசத்தை ஏன் போடுகிறார்கள்? மலிவு, வேகம், அவ்வளவுதான். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். அந்த நொதியத்தின் நடுவில் செம்பு அணுக்கள் இருக்கின்றன, அவை இருந்தால்தான் அது வேலை செய்யும். பாதரச உப்பு தோலுக்குள் இறங்கி அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெலனின் உற்பத்தி குறைகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் முகம் வெளுப்பதாகத் தெரிகிறது, பக்கத்து லயத்து அக்காவும் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறாள். நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும், சில நேரம் முன்பைவிடக் கருமையாக. அதனால் மறுபடியும் ஒரு டப்பா.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி 2020க்குப் பிறகு 1 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கு மேல், பாதரசம் உள்ள அழகுசாதனங்களைச் செய்யவோ ஏற்றுமதி, இறக்குமதி பண்ணவோ கூடாது. 2023இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1 பிபிஎம் என்றால் 30 கிராம் டப்பாவில் 0.03 மில்லிகிராம். ஆனால் பல நாடுகளில் சோதித்த கள்ளக் கிறீம்களில் 10,000 பிபிஎம்மைத் தாண்டியவை எத்தனையோ. 20,000 என்று வைத்தால் அதே டப்பாவில் 600 மில்லிகிராம். பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானி ஒன்றுக்குள் இருக்கும் பாதரசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது உடைந்தால் பிள்ளைகளை விரட்டிவிட்டுக் கூட்டுவோம், இதை முகத்தில் தேய்த்துக்கொள்கிறோம்.

தோலுக்குள் போன பாதரசம் அங்கேயே நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டால் புரதம் சிறுநீரில் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும், காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கும், மாலையில் கால் வீங்கும். தூக்கம் வராமை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் நரம்பு பக்கத்து அறிகுறிகள். மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பவர்களுக்குக் கால் வீங்கினால் வேலைக் களைப்பு என்றே விட்டுவிடுகிறோம். கிளினிக்கில் டொக்டரும் என்ன மருந்து குடிக்கிறாய் என்று கேட்பாரே தவிர என்ன பூசுகிறாய் என்று கேட்பது குறைவு. நாம்தான் டப்பாவைக் காட்ட வேண்டும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பது சாதாரணச் சோதனையிலேயே தெரிந்துவிடும், பாதரச அளவுக்கு வேறு சோதனை இருக்கிறது. உடலில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஒன்றிரண்டு மாதம் ஆகும். நேரத்தோடு நிறுத்தியவர்களில் பலருக்குச் சிறுநீரகம் தேறிவிடுகிறது.

பூசுபவரோடு இது நிற்பதுமில்லை. தலையணை உறை, துவாய், கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தை என்று ஒட்டிக்கொண்டு போகும். கொஞ்சம் ஆவியாகவும் மாறும். குளிருக்காக ஜன்னலை அடைத்த ஒற்றை அறை லயத்தில் அந்தக் காற்றைத்தான் எல்லாரும் சுவாசிக்கிறார்கள்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். 'ஏழே நாளில்' என்று முன்னால் பெரிதாக. பின்னால் உள்ளடக்கம் என்ற இடத்தில் மூன்றே பெயர்கள்: முத்துப்பொடி, குங்குமப்பூ, வைட்டமின் ஈ. இதை நான் உள்ளடக்கப் பட்டியல் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். கிறீம் என்றால் தண்ணீரும் எண்ணெயும் கலந்தது. அப்படிக் கலந்து நிற்க ஒரு பொருள் வேண்டும், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஒரு பொருள் வேண்டும். ஒழுங்கான லேபலில் அதிகமாக உள்ளதிலிருந்து தொடங்கி இவையெல்லாம் வரிசையாக இருக்கும், பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்கும். பெயர் போட்டு எழுதும் துணிச்சலும் சிலருக்கு உண்டு. மெர்குரி, மெர்குரிக், மெர்குரஸ், கலமல், அமோனியேட்டட் மெர்குரி, Hg எல்லாம் ஒரே ஆள்தான். '-சோன்', '-சோல்' என்று முடியும் பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் கண்ணில் பட்டால் அது ஸ்டீரொயிட், அழகுசாதனம் இல்லை, மருந்து. அதைப் பல மாதம் பூசியவர்கள் திடீரென்று விட்டால் முகம் சிவந்து எரியும், ஆகவே டொக்டரிடம் கேட்டே விட வேண்டும்.

இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் ஒட்டிய ஸ்டிக்கரும் இல்லை. அதிகபட்ச சில்லறை விலை இல்லை. பெட்டியில் ஒரு தொகுதி இலக்கம், டப்பாவில் வேறு. சிலர் பார்கோட் 479இல் தொடங்கினால் நல்லது என்கிறார்கள். அந்த எண் நிறுவனம் இலங்கையில் பதிந்தது என்பதை மட்டும்தான் சொல்லும், உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூடியைத் திறந்தால் மேல்படை சாம்பல் நிறமாக இருந்தது. வெளிச்சம் பட்டு கிறீம் சாம்பலாகவோ பச்சையாகவோ மாறுவதும் ஓர் அடையாளம்தான். ஆனால் மாறாத கிறீமெல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை, உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடம்தான் வேண்டும். லேபல் முழுதாக இருந்தாலும் பொய்யாக இருக்கலாம், அதுவும் உண்டு. முறைப்பாடு செய்ய நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், அதற்குப் பெட்டியும் பில்லும் கையில் இருந்தால் நல்லது. அவளிடம் பில் இல்லை. சந்தையில் யார் பில் தருகிறார்கள்?

"அப்ப இதை அடுப்பில் போட்டுடவா டீச்சர்?" என்று எழுந்தாள். நல்லவேளை கேட்டாள். நெருப்பில் போட்டால் பாதரசம் முழுக்க ஆவியாகி அந்த அறைக்குள்ளேயே நிற்கும், ஆற்றில் எறிந்தால் மீனுக்குப் போகும். டப்பாவை இறுக்கி மூடி, இரண்டு சொப்பிங் பேக்கில் கட்டி, கிளினிக் கொப்பியோடு வைக்கச் சொன்னேன். தலையணை உறையையும் துவாயையும் இன்னொரு பேக்கில் போடச் சொன்னேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அம்மாவும் அதைத்தான் பூசுகிறாராம், இரண்டு வருஷமாக. போன மாதத்திலிருந்து அம்மாவுக்குச் செருப்பு காலில் ஏறவில்லையாம்.