குப்பன்: குப்பைமேட்டில் கிடத்தி எடுத்த பெயர்

குப்பன், குப்பாயி, குப்புசாமி, குப்பம்மாள். சேலம் பக்கத்துக் கிராமங்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பெயர் கேட்டுப் பாருங்கள், இந்த நான்கில் ஒன்றாவது காதில் விழும். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் ஒன்றுகூட வராது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறும் இரண்டாவது பாதை குப்பனூர் வழியாகப் போகிறது. ஊர்ப் பலகையில் இருக்கும் குப்பன் இன்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இல்லை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'குப்பை' என்றதும் இன்று பிளாஸ்டிக் பையும் நாற்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. சொல்லின் பழைய பொருள் குவியல் என்பதுதான். குவி, குவை, குவியல் எல்லாம் அதற்கு உறவுச் சொற்கள். நற்றிணையில் உமணர்கள் மலைநாட்டுக்குக் கொண்டுபோய் விற்கும் உப்பை 'குன்று போல் குப்பை' என்கிறார் புலவர். விலைபோகும் சரக்கைத்தான் அப்படிச் சொல்கிறார். எங்கள் பக்கத்து உழவர்கள் பேச்சில் இன்னும் அந்த மதிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 'காட்டுக்கு நாலு வண்டி குப்பை அடிச்சோம்' என்றால் சாணமும் சாம்பலும் தழையும் மக்கிய எருவை நிலத்தில் கொட்டினோம் என்று பொருள். வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேடு அடுத்த வெள்ளாமைக்கான எருக்குழிதான். குழந்தையைக் கிடத்தியது அந்த மேட்டில்.

என் தாத்தாவின் பெயர் குப்பன். 1930களின் தொடக்கத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருக்கு முன்னால் ஓர் அக்கா பிழைத்திருந்தார். அக்காவுக்கு அப்புறம் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவது பையன் பிறந்தபோது அக்காவுக்கு ஏழு வயது. அன்று நடந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நாங்கள் பெரிய ஆயா என்று கூப்பிடும் அவர் சொல்லித்தான் எனக்கு இந்தச் சடங்கு தெரியும்.

தீட்டுக் கழிந்த அன்று, விடிவதற்கு முன்பே குழந்தையை முறத்தில் பழந்துணி விரித்துப் போட்டார்கள். தாய் அதைத் தொடக்கூடாது. ஊரில் பெற்ற பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவர் கையால் முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் வைக்கச் செய்தார்கள். முறத்தோடு மூன்று முறை மேட்டின்மேல் இழுத்துவிட்டு அந்தப் பெண் விலகிப் போனார். சற்று நேரம் யாரும் கிட்டே போகவில்லை. அப்புறம் அதே பெண் திரும்பி வந்து, 'குப்பையில ஒரு புள்ள கெடக்குது, யாருக்காச்சும் வேணுமா?' என்று சத்தமாகக் கேட்டாராம். வாசலில் நின்ற தாய், 'எனக்குக் குடுங்க, வெலைக்கு வாங்கிக்கிறேன்' என்று சொல்லி, ஒரு முறம் தவிடும் காலணாவும் கொடுத்துக் குழந்தையை வாங்கினார். அந்தக் காலணாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரிய ஆயாதான். அன்றிலிருந்து பையன் குப்பன்.

இதில் ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு உண்டு. குழந்தையைக் கொண்டுபோவது எமனோ, பேயோ, பொறாமைக் கண்ணோ, எதுவானாலும் அது தேடி வருவது அந்தத் தாயின் பிள்ளையை. குப்பையில் கிடந்தது அவள் பிள்ளை இல்லை. அவள் விலை கொடுத்து வாங்கியது, அதுவும் மாட்டுக்குப் போடும் தவிட்டுக்கு. அவ்வளவு மலிவான பொருள்மேல் யார் கண் வைப்பார்கள்? சடங்கு ஒரு நாளில் முடிந்துவிடும். பெயர்தான் மிச்ச நாளெல்லாம் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குப்பா என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் 'இது குப்பையில் கிடந்தது' என்று, தேடி வந்து நிற்கும் எமனுக்கோ பேய்க்கோ அறிவிப்பதாக நம்பினார்கள். தாத்தாவின் அம்மா அவரை யார் முன்னாலும் கொஞ்சியதே இல்லையாம். பெயரோடு சேர்ந்தது அதுவும்.

சடங்கின் எந்தப் பகுதியை அழுத்தமாகச் செய்தார்களோ, அதற்கேற்பப் பெயரும் மாறும். தவிட்டை முன்னிறுத்தினால் தவிடன், தவிட்டாயி. மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்காயி. கோயில் வாசலில் பிச்சை எடுத்த அரிசியில் சோறாக்கி ஊட்டினால் பிச்சை, பிச்சாயி, பிச்சமுத்து. 'உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்' என்று இன்றும் குழந்தைகளைச் சீண்டுகிறோமே, அந்தப் பேச்சின் வேர் இங்கேதான். வேறு மொழிக்காரர்களும் இதையே செய்திருக்கிறார்கள். தெலுங்கில் பெண்ட்ட என்றால் குப்பைமேடு, அதிலிருந்து பெண்ட்டய்யா, பெண்ட்டம்மா. கன்னடத்தில் திப்பெ, அதிலிருந்து திப்பய்யா, திப்பம்மா. மூன்று மொழியும் புழங்கும் சேலம் வட்டாரத்தில் இந்தப் பெயர்களின் பொருளை யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருந்திருக்காது.

இதற்குத் தமிழில் பொதுச்சொல் என்ன? பேச்சில் திருஷ்டிப் பெயர் என்கிறோம். திருஷ்டி வடசொல். அதன் பழைய தமிழ் வடிவம் திட்டி, அதனால்தான் கண்திட்டி. தனித்தமிழில் கண்ணேறு. இதில் வரும் 'ஏறு' மேலே ஏறுவதைக் குறிக்கவில்லை, எறிதலையும் அடியையும் குறிக்கிறது. கல்லேறு என்றால் கல்லெறி, கண்ணேறு என்றால் கண்ணெறி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்ற பழமொழியும் இதைத்தான் சொல்கிறது. மானிடவியலார் இப்படிப்பட்ட பெயர்களை அப்போட்ரோபெயிக் பெயர்கள் என்கிறார்கள், தீங்கைத் திருப்பி அனுப்புவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இவற்றை இழிபெயர் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்பவனுக்கு இழிவாகப் படலாம், வைத்தவளின் நோக்கம் அதுவல்லவே. கண்ணேறு காப்புப் பெயர் என்பதே சரியான சொல் என்பேன், சுருக்கமாகக் காப்புப் பெயர். பிள்ளைத்தமிழில் குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டும் முதல் பருவத்துக்கே காப்புப் பருவம் என்றுதானே பெயர்.

ஆனால் குப்பன் என்று பெயர் கொண்ட எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் தங்கள் பிள்ளைக்கு நல்ல பெயர் வைக்கப் பண்ணைக்காரர்கள் விடவில்லை. சாமி, அப்பன் என்று முடியும் மரியாதைப் பெயர்கள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. அங்கே குப்பன் என்பது காப்பு இல்லை, திணிப்பு. மறுபக்கம், சமஸ்கிருதப் பேராசிரியர் குப்புசாமி சாஸ்திரி போன்றவர்களின் பெயரைப் பார்த்தால் இந்தப் பெயர் எல்லாச் சாதியிலும் வழங்கியது புரியும். போதும்பொண்ணு, வேண்டாம் போன்ற பெயர்கள் இன்னொரு வகை. குழந்தையைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தவை அல்ல அவை, இனிப் பெண் பிறக்கக் கூடாது என்பதற்காக வைத்தவை.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது உடன்பிறந்தவர்களின் பெயரை. தாத்தாவின் அக்கா பெயர் செல்லாயி, தம்பி பெயர் முருகேசன். நடுவில் இவர் ஒருவர்தான் குப்பன், இவருக்கும் அக்காவுக்கும் நடுவே ஏழு வருட இடைவெளி. அந்த இடைவெளியில் யாரோ பிறந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணன் தம்பி எல்லாருக்கும், தெருவுக்கே, இதே மாதிரிப் பெயராக இருந்தால் திணிப்பைச் சந்தேகிக்கலாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்ததாக இருந்தால், பெயருக்குப் பின்னால் எந்தச் சாவும் இருக்காது.

வழக்கம் பலித்ததாக மக்கள் நம்பியதற்கும் காரணம் உண்டு. நான்கில் ஒரு குழந்தை தவறும் காலம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டைப் பறிகொடுத்த தாயின் மூன்றாவது குழந்தை பிழைக்கும் வாய்ப்புதான் அதிகம். பிழைத்தவன் எழுபது வருடம் குப்பன் என்ற பெயரோடு ஊருக்குள் நடமாடுவான். அதே சடங்கு செய்தும் பிழைக்காத குழந்தையின் பெயர் ஒரு மாதத்தில் மறந்துபோகும். கண்ணுக்குத் தெரிந்த குப்பன்கள் எல்லாரும் உயிரோடு இருந்தவர்கள். உண்மையில் ஆபத்து அந்த மேட்டிலேயே இருந்தது. டெட்டனஸ் கிருமியின் வித்து சாணத்திலும் மண்ணிலும்தான் கிடக்கிறது. தொப்புள் ஆறாத குழந்தைக்கு அது சேர்ந்தால் சில நாளில் பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, உடல் விறைத்துவிடும். தாத்தாவுக்கு முன்னால் போன இரண்டும் அப்படித்தான் போனதாகப் பெரிய ஆயா சொன்னதிலிருந்து தெரிகிறது. முறமும் பழந்துணியும் நடுவில் இருந்தது தாத்தாவின் நல்ல நேரம்.

பெயர் மறைந்ததற்கு முதல் காரணம், பயம் குறைந்தது. 1971இல் இந்தியாவில் 1000 குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் தமிழ்நாட்டில் அது 13. கர்ப்பிணிகளுக்குப் போடும் டெட்டனஸ் ஊசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், சுத்தமான பிளேடால் கொடி அறுப்பதும் பெருமளவு வேலையைச் செய்துவிட்டன. பெரியம்மையும் 1975க்குப் பிறகு இங்கே இல்லை. நான்கில் ஒன்றைப் பறிகொடுப்போம் என்று எதிர்பார்க்காத தாய்க்குக் குழந்தையை ஒளித்துவைக்கும் பெயர் எதற்கு?

இரண்டாவது பள்ளிக்கூடம். குப்பைமேடு எருக்குழியாக இருந்தவரை பெயர் உறுத்தவில்லை. டவுன் பிள்ளைகளுக்குக் குப்பை என்றால் குப்பைத்தொட்டி. கேலி தாங்காமல் பெயரை மாற்றியவர்கள் ஏராளம். தாத்தா நான்காம் வகுப்பு வரை படித்தார். அங்கே வாத்தியார் அவராகவே குப்புசாமி என்று எழுதிவிட்டார். 'சாமி' சேர்ந்ததும் பெயருக்கு வேட்டி சட்டை போட்ட மாதிரி ஆகிவிட்டது. நிலப் பட்டாவில் குப்பன், ரேஷன் கார்டில் குப்புசாமி. இரண்டும் ஒருவரே என்று சான்றிதழ் வாங்க அப்பா பல தடவை அலைந்திருக்கிறார். திராவிட இயக்கம் அன்பழகன், தமிழ்ச்செல்வி என்று பெயர் வைக்கும் ஆசையைக் கிராமம் வரை கொண்டுவந்த பிறகு, எங்கள் வீட்டில் யாரும் குப்பன் பக்கம் போகவில்லை.

கண்ணேறு பயம் முழுக்கப் போய்விடவில்லை. கன்னத்தில் மை வைக்கிறோம், ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம் போடுகிறோம், வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோம். பெயர் மட்டும்தான் அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது.

அப்பா கையெழுத்துப் போடும்போது 'கு. செல்வராஜ்' என்று எழுதுவார். அந்த ஒற்றைக் 'கு' எதன் சுருக்கம் என்று யாராவது கேட்டால், முழுப் பெயரையும் சொல்வார், முறத்தையும் காலணாவையும் சேர்த்தே சொல்வார். என் முன்னெழுத்து 'செ'. என் மகளுடையது என் பெயரின் முதலெழுத்து. பெரிய ஆயா மட்டும், கடைசி வரை, தம்பி படத்துக்கு முன்னால் நின்று 'குப்பா' என்றுதான் கூப்பிட்டார்.