கட்டுப்பாடு இல்லை, ஏவல்: டிவி தானாக அணைவதும் சிஇசி என்ற சொல்லும்

போன வாரம் மைத்துனர் போன் செய்தார். "மாப்ளே, ராத்திரி நியூஸ் பாத்துட்டு இருக்கும்போதே டிவி தானா அணைஞ்சுடுது. சவுண்ட்பாரும் போயிடுது, செட்டாப் பாக்ஸும் போயிடுது. செட்டிங்ஸ்ல பாத்தா 'நுகர்வோர் மின்னணுக் கட்டுப்பாடு'ன்னு ஒண்ணு ஓடிட்டிருக்கு. பசங்க ஏதோ பூட்டு போட்டிருப்பாங்கன்னு அதை எடுத்துட்டேன். இப்ப டிவி அணையல, ஆனா சவுண்ட்பார்ல சத்தமே வரல."

இந்த மொழிபெயர்ப்பை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எழுத்துக்கு எழுத்து சரி, பொருளில் முழுக்கத் தவறு. படித்தவரைத் தவறான பொத்தானையே அழுத்தவும் வைத்துவிட்டது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

மூலச்சொல் சிஇசி. கன்ஸ்யூமர் எலெக்ட்ரானிக்ஸ் கன்ட்ரோல் என்பதன் சுருக்கம். எச்டிஎம்ஐ கேபிளால் இணைந்த கருவிகள் விழிக்கவும் உறங்கவும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் வசதி. எச்டிஎம்ஐ கேபிளின் 19 ஊசிகளில் 13ஆவது ஊசி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஐரோப்பாவின் பழைய ஸ்கார்ட் இணைப்புகளில் இருந்த ஏவி.லிங்க் என்ற முறையிலிருந்து பிறந்தது. 2002இல் வந்த முதல் எச்டிஎம்ஐயிலேயே கம்பி இருந்தது, 1.2ஏ பதிப்பில், 2005இல், முழு வடிவம் பெற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி அந்தத் தொடரைப் பிரித்துப் பார்ப்போம். கன்ஸ்யூமர் எலெக்ட்ரானிக்ஸ் என்றால் வீட்டில் புழங்கும் மின்னணுப் பொருள்கள். தொழிற்சாலைக் கருவி இல்லை, ஒளிபரப்பு நிலையத்துக் கருவி இல்லை என்று சொல்வதற்காக வந்த அடைமொழி அது, அவ்வளவுதான். தமிழில் நுகர்வோர் என்றதும் வழக்குமன்றமும் புகார் மனுவும் நினைவுக்கு வருகின்றன. அதன் பின்னால் மின்னணு, அதன் பின்னால் கட்டுப்பாடு என்று மூன்று பெயர்களை வேற்றுமை உருபே இல்லாமல் அடுக்கினால், நுகர்வோரை மின்னணு முறையில் யாரோ கட்டுப்படுத்துவதாகத்தான் தமிழ்க் காது கேட்கும். மைத்துனரின் காதும் அப்படித்தான் கேட்டது.

கட்டுப்பாடு என்ற சொல்லோ அதைவிட மோசம். கட்டு, படு, கட்டுப்படு, கட்டுப்பாடு. கட்டப்பட்டு நிற்பவனின் நிலையைச் சொல்லும் சொல் இது. விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு: எல்லாவற்றிலும் மிகுதியாகப் போகும் ஒன்றை அடக்கி வைக்கிறோம். கன்ட்ரோல் என்று கண்ட இடத்திலெல்லாம் கட்டுப்பாடு என்று ஒட்டிவிடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ. ரிமோட்டைக்கூடத் தொலைக் கட்டுப்பாடு என்று எழுதுகிறார்கள். தொலையியக்கி என்ற அழகான சொல் கையில் இருக்கும்போதே. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிற அவசரம் இது. அந்த மெனுவை ஒரே ஒரு முறை டிவியின் முன்னால் உட்கார்ந்து இயக்கிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

மொழிக் குறையைத் தள்ளிவிட்டாலும் நுட்பக் குறை மீதி இருக்கிறது. கட்டுப்பாடு என்றால் கடிவாளம் பிடிக்கும் ஒருவர் வேண்டும். சிஇசியில் அப்படி யாரும் இல்லை. படம் வரும் கம்பிகள் ஒவ்வொரு துளையிலிருந்தும் தனித்தனியாக டிவிக்குப் போகின்றன. 13ஆம் ஊசியின் கம்பி அப்படியில்லை. டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளுக்கும் அது ஒன்றேதான். ஒரே கயிற்றில் எல்லாரும் காது வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது முதல் துளை என்றாலும், இரண்டாம் துளையில் சும்மா கிடக்கும் கருவி அந்தக் கயிற்றில் பேசலாம், மற்றவர்கள் பேசுவதைக் கேட்கலாம். டிவிக்கு எண் 0, ஒலிக் கருவிக்கு 5, படம் ஓட்டும் கருவிக்கு 4, செட்டாப் பாக்ஸ் போன்ற அலைவாங்கிக்கு 3 என்று முகவரிகள் உண்டு. 15 என்ற முகவரிக்கு அனுப்பினால் எல்லாருக்கும் போகும்.

இங்கேதான் என் சொல் வருகிறது: ஏவல். கருவிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வதால் கருவியிடை ஏவல். மெனுவுக்குச் சுருக்கமாக எச்டிஎம்ஐ ஏவல். ஏ என்றால் பழந்தமிழில் அம்பு. ஏவு என்றால் செலுத்து. ஏவுகணையில் இன்றும் அதே பொருள். வா, போ, உறங்கு என்று முன்னிலையில் நிற்பவரைப் பணிக்கும் வினையை இலக்கணம் ஏவல் என்றுதான் சொல்கிறது. சிஇசி செய்திகளும் அச்சு அசலாக அவைதான். விளையாட்டுக் கருவியை நீங்கள் இயக்கியதும் அது டிவியைப் பார்த்து "விழி" என்கிறது. பிறகு எல்லாரையும் பார்த்து "இனி படம் என்னிடமிருந்து" என்று அறிவிக்கிறது. டிவியை அணைத்தால் அது எல்லாருக்கும் "உறங்குக" என்று அனுப்புகிறது. இந்த இரண்டாம் வகை, இலக்கணக் கண்ணில் பார்த்தால், ஏவலைவிட வியங்கோளுக்குத்தான் நெருக்கம். முன்னிலை என்று நிற்காமல் எல்லா இடத்துக்கும் பொதுவானது அது. ரசிக்கத் தக்க பொருத்தம், ஆனால் வியங்கோள் என்று மெனுவில் போடச் சொல்லும் அளவுக்கு நான் போகவில்லை.

அம்பின் குணம் இதற்கு முழுக்கப் பொருந்துகிறது. தனக்கென்று வந்த செய்திக்கு "காதில் விழுந்தது" என்ற ஒப்புதலைக் கருவி தந்துவிடும். சொன்னதைச் செய்து முடித்ததா என்பது தெரிய வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். பல கருவிகள் கேட்பதில்லை.

போட்டியாக நிற்கும் இன்னொரு சொல் ஒத்திசைவு. இதன் ஆதரவாளர்கள் படித்தவர்கள், நண்பர்களும்கூட, அதனால் கொஞ்சம் நிதானமாகவே மறுக்கிறேன். இந்தச் சொல் நிறுவனங்கள் வைத்த பெயர்களிலிருந்து வருகிறது. எல்லாம் ஒரே வசதிதான் என்றாலும் சாம்சங் Anynet+ என்கிறது, சோனி BRAVIA Sync, எல்ஜி SIMPLINK, பானசோனிக் VIERA Link, பிலிப்ஸ் EasyLink. மெனுவில் சிஇசி என்ற மூன்றெழுத்தைத் தேடிக் கிடைக்காமல் "என் டிவியில் அது இல்லை" என்று சொல்பவர்கள் பலர். இந்தப் பெயர்களில் ஒன்றின் பின்னால் அது ஒளிந்திருக்கும். சிங்க் என்று இருப்பதைப் பார்த்து ஒத்திசைவு, லிங்க் என்று இருப்பதைப் பார்த்து இணைப்பு என்று பெயர்த்துவிட்டார்கள். விளம்பரத்துக்காக வைத்த பெயரை மொழிபெயர்த்தால் விளம்பரம்தான் கிடைக்கும்.

ஒத்திசைவு என்றால் எல்லாக் கருவிகளும் ஒரே நிலையை அறிந்து, அதற்கேற்ப நடக்க வேண்டும். இவற்றுக்குள் அப்படிப் பொதுவான நிலை எதுவும் கிடையாது. யார் எந்தத் துளையில் படம் பார்க்கிறார் என்பது டிவிக்குத் தெரியும். அதை மதித்து நடப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கருவியையும் செய்தவர் எடுத்த முடிவு. தான் உறங்கும்போது ஒரு கருவி ஊரையே உறங்கச் சொல்லும். இன்னொன்று டிவியிடம் மட்டும் சொல்லும். மூன்றாவது, படம் தன்னிடமிருந்து போய்க்கொண்டிருந்தால் மட்டுமே சொல்லும். வேறு துளையிலிருந்து வந்த உறக்க ஏவலைச் சில டிவிகள் கேட்கும், சில தள்ளிவிடும். ஒரே நிறுவனத்தின் கருவிகளாக வாங்கியவருக்குத் தொல்லை குறைவதும், கலந்து வாங்கியவருக்குப் பேய் பிடித்தது போல் ஆவதும் இதனால்தான். ஒத்திசைவு என்று பெயர் வைத்துவிட்டால், "ஒத்து இசைய வேண்டியது ஏன் இசையவில்லை, பழுதா?" என்று கேட்கத் தோன்றும். ஏவல் என்றால் கேள்வியே மாறிவிடும்: ஏவியது யார்?

மைத்துனர் வீட்டில் அதைத்தான் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை எடுத்துப் போனேன். முதலில் அவர் எடுத்துவிட்ட "கட்டுப்பாட்டை" மீண்டும் போட வைத்தேன். பிறகு அதே டிவியின் காலித் துளையில் அந்தக் கணினியைச் செருகி, கயிற்றில் ஒட்டுக்கேட்க இதை ஓடவிட்டேன்:

```
cec-client -m -d 8
```

செட்டாப் பாக்ஸ் முதல் துளையில், செய்தி ஓடுகிறது. இரண்டாம் துளையில் பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி. மாலையில் ஆடிவிட்டு, அணைக்காமல் துளையை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. ஓடி மறைந்த வரிகளில் வேண்டியவை இரண்டு:

```
>> 4f:82:20:00
>> 4f:36
```

முதல் எழுத்து 4, அனுப்பியவர். அடுத்த f என்பது 15, அதாவது எல்லாருக்கும். 82 என்றால் "படம் என்னிடமிருந்து", 20:00 என்றால் இரண்டாம் துளை. பிள்ளைகள் ஆட உட்கார்ந்தபோது வந்த வரி. 36 என்றால் உறங்குக. திரை இருண்ட நொடியில் வந்தது. ஆளில்லாமல் கிடந்த விளையாட்டுக் கருவி தன் கெடு முடிந்து உறங்கப் போகும்போது மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் சந்தேகப்படும் கருவியின் எச்டிஎம்ஐ கேபிளை ஒருநாள் கழற்றி வைத்தால் போதும். துளையை மாற்றிப் பயனில்லை, கயிறு ஒன்றுதான் என்று மேலே சொன்னேன்.

சவுண்ட்பார் ஊமையானது தனிக் கதை. டிவியின் ஒலியை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் ஏஆர்சி என்ற வசதி, "ஒலியைத் தொடங்கு" என்பதைச் சிஇசி வழியாகத்தான் பேசி முடிக்கிறது. டிவியில் சிஇசியை எடுத்துவிட்டால் அந்தப் பேச்சே நடக்காது. ஆகவே டிவியில் கை வைக்காமல் விளையாட்டுக் கருவியின் அமைப்புக்குள் போனோம். டிவியை இயக்க ஒன்று, டிவியை அணைக்க ஒன்று என்று இரண்டு பொத்தான்கள் தனித்தனியாக இருந்தன. இரண்டாவதை மட்டும் எடுத்துவிட்டோம். இப்படிப் பிரித்து வைக்காத கருவி என்றால் அதில் மட்டும் முழுச் சிஇசியையும் எடுக்கலாம். 13ஆம் ஊசியைத் துண்டித்த சிறு அடாப்டர்களும் விற்கிறார்கள்.

ஏவல் என்ற சொல்லைச் சொன்னபோது மைத்துனர் சிரித்தார். "பில்லி சூனியம் ஏவல்ங்கற மாதிரில்ல இருக்கு?" இருக்கட்டும் என்றேன். ஆளில்லாத அறையில் டிவி தானாக விழித்துக்கொள்வதை வேறு எப்படிச் சொல்வது? கருவியிடைக் கட்டளை என்று யாராவது எழுதினால் அதோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் கணினி உலகில் கட்டளை என்பது மனிதர் கருவிக்கு இடுவது என்று ஊறிவிட்டது, இங்கே இடுவதும் கருவி, கேட்பதும் கருவி. என் கையில் அந்த மெனு இருந்தால் வரிகள் இப்படி இருக்கும்: "எச்டிஎம்ஐ ஏவல்". அதன் கீழே, "இந்தக் கருவி அணைந்தால் மற்றவையும் அணைக". அதன் கீழே, "மற்றவை ஏவினால் இது கேட்கலாமா?"

மைத்துனர் டிவியில் இன்னும் பழைய பெயர்தான். அதன் மேல் அவரே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "இதைத் தொடாதீங்க, சத்தம் போயிடும்."