நான்காம் நாளே நின்றுபோன சீசன் ஆட்கள்

தர்மபுரியில் ஜவுளிக்கடைகளில் ஃப்ளோர் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு நாங்கள் எடுத்த 14 சீசன் ஆட்களில் 5 பேர் நான்காம் நாள் வரவில்லை. முதலாளிக்கு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை" என்று கோபம். அந்த ஐந்து பேரில் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். "அண்ணா, 600 ரூபாய்னு சொன்னாங்க. சாப்பாட்டுக்கு 50 பிடிச்சிட்டாங்க. ராத்திரி ஒன்பதரைக்கு விட்டா எனக்குப் பஸ் இல்லை. அப்பா வண்டி எடுத்துட்டு வந்து நிக்கிறாரு" என்றாள். பொறுப்பு இல்லாமல் போனது எங்களிடம்தான்.

அதற்கப்புறம் ஆள் எடுக்கும்போதே ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். நாள் கூலி எவ்வளவு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாப்பாடு யார் செலவு, பணம் என்றைக்குக் கிடைக்கும் என்ற நான்கு விவரமும் அதில் இருக்கும். ஒரு நகல் அவர்களிடம், ஒன்று கடையில். ஆதார் நகலைப் பார்த்து வயது 18 முடிந்ததா என்று உறுதி செய்வேன். மார்க் ஷீட், ஒரிஜினல் ஆதார் எதையும் வாங்கி வைக்க மாட்டேன். ஆள் கிடைப்பதும் சுலபமாகிவிட்டது. போன வருடம் நல்லபடியாகக் கணக்கு முடித்துக்கொண்டு போனவர்களின் நம்பரைக் கூப்பிட்டாலே, தங்கையையும் தோழியையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பயிற்சிக்கு ஒரே நாள்தான் கிடைக்கும் என்பதால் கடை முழுவதையும் சொல்லித்தர முயலக்கூடாது. ஒருவருக்கு ஒரு செக்ஷன்தான். சேலை செக்ஷன் என்றால், காலையில் எந்த ரேக்கில் எந்த ரகம் என்பதைக் காட்டிவிட்டு, டேக்கில் எது விலை, எது ஐட்டம் கோட் என்று படிக்க வைப்பேன். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பே தள்ளுபடி ஸ்டிக்கரைப் பார்த்து விலை சொல்லிவிடுவதுதான். பில்லில் வேறு விலை வந்தால் கவுண்டரில் சண்டை வரும். அப்புறம் மடிப்பு. விரித்த சேலையைப் பழைய மடிப்புக் கோட்டிலேயே மடித்து, பார்டர் வெளியே தெரிய வைக்க வேண்டும். பத்துச் சேலையாவது அவர்கள் கையால் மடித்தால்தான் பழகும். மாலை 5 மணிக்குக் கூட்டம் வந்ததும் ஒரு பழைய ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். கடைசியில் மூன்று ஐட்டம் பெயர் சொல்வேன். யாரையும் கேட்காமல் எடுத்து வந்தால் மறுநாள் தனியாக விடலாம். தேடிக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு நாள் துணையோடு நிற்கட்டும். இந்தப் பயிற்சி நாளுக்கும் முழுக் கூலி உண்டு. அன்று மாலை அவர்களும் வியாபாரம்தான் பார்க்கிறார்கள்.

சம்பளக் கணக்கில்தான் பல கடைகள் தடுமாறுகின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக்கூடாது. ஒரு பேச்சுக்கு நாள் கூலி 520 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (அது அந்த வருடத்தின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது). மணிக்கு 65 ரூபாய். ஓவர்டைம் மணிக்கு 130. காலை 10 முதல் இரவு 9 வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, 10 மணி நேர வேலை. இரண்டு மணி நேர ஓவர்டைமுக்கு 260 சேர்த்து அன்றைக்கு 780 ரூபாய். ஆனால் வாரத்துக்கு 6 மணி நேரம்தான் ஓவர்டைம் என்பதால், இப்படி மூன்று நாளுக்கு மேல் நிறுத்த முடியாது.

அதனால் ஆட்களை இரண்டு பேட்சாகப் பிரித்துவிட்டேன். ஒரு பேட்ச் 10 முதல் 7 வரை, இன்னொன்று 12 முதல் 9 வரை. கூட்டம் குவியும் மாலை நேரத்தில் இரண்டு பேட்சும் இருக்கும், ஓவர்டைம் செலவும் குறையும். தூரத்து ஊர்ப் பெண்களெல்லாம் முதல் பேட்ச். ஏழு மணிக்கு விட்டால் பஸ் பிடித்துவிடலாம். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறோம். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் அந்தச் சட்டத்திலேயே திருத்தம் வந்திருக்கிறது.

ஸ்டாக் குறைந்தால் எல்லோர் கூலியிலும் பங்கு போட்டுப் பிடிக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். இன்னார் பொறுப்பில் இருந்த சரக்கு, இன்னார் கவனக்குறைவால் போனது என்று காட்டாமல், அவர் சொல்வதையும் கேட்காமல் பிடிப்பது தப்பு.

கூலியை ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுத்துவிடுகிறோம். கடைசிக் கணக்கு தீபாவளிக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குள். "பண்டிகை முடிஞ்சு வா" என்று சொல்வதில்லை. போன வருடம் அந்தப் பென்னாகரத்துப் பெண் கவரை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் நம் கடையிலேயே தம்பிக்கு ஒரு சட்டை எடுத்தாள். டேக்கை அவளே படித்து விலை சொன்னாள்.