நீலம் ஏன் மங்கவில்லை? பதில் இரண்டு புத்தகங்களில் இருக்கிறது

சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பழைய வினாத்தாளில் ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால், பலர் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நேரம்தான் போகும். மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் இரண்டு புத்தகங்களில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எலக்ட்ரோலிசிஸில் அடிக்கடி வரும் கேள்வி இது: காப்பர் சல்ஃபேட் கரைசலில் கார்பன் மின்வாய்களை வைத்தால் நீல நிறம் மங்குகிறது; செம்பு மின்வாய்களை வைத்தால் மங்குவதில்லை. ஏன்?

படிவம் 5 மாணவி ஒருத்தி "அனோடு கரைகிறது" என்று எழுதி நிறுத்தியிருந்தாள். அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் கண்டறிந்தவை மட்டுமே இருந்தன: அனோடு மெலிகிறது, கேத்தோடு தடிக்கிறது, நிறம் மாறவில்லை. அண்ணன் விட்டுப்போன பழைய புத்தகத்தில் சமன்பாடுகள் இருந்தன.

அனோடு: Cu → Cu²⁺ + 2e⁻
கேத்தோடு: Cu²⁺ + 2e⁻ → Cu

இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அவளே சொன்னாள்: "டீச்சர், இங்க எவ்வளவு போகுதோ அங்க அவ்வளவு வருது." அதேதான். அனோடில் செம்பு அயனிகள் உருவாகும் வேகமும் கேத்தோடில் அவை படியும் வேகமும் சமம். அதனால் கரைசலின் செறிவு மாறுவதில்லை. அவள் விடையில் விடுபட்டது இந்த வேகம் பற்றிய வரிதான்.

பழைய புத்தகத்தை எடுக்கும்போது ஒன்றில் கவனம் தேவை. புதிய பாடத்திட்டத்தில் முதல் எஸ்.பி.எம். 2021-க்கானது. முன்பு படிவம் 4-இல் இருந்த எலக்ட்ரோலிசிஸ், இப்போது படிவம் 5-இன் முதல் பாடத்தில் இருக்கிறது. விளக்கும் விதமும் மாறிவிட்டது. கார்பன் அனோடில் OH⁻, SO₄²⁻ இரண்டும் வந்து சேர்கின்றன. மின்வேதி வரிசையில் OH⁻ கீழே இருப்பதால் அதுவே மின்னிறக்கம் அடையும் என்பது பழைய விளக்கம். புதியதில் E⁰ மதிப்பைப் பார்க்கிறோம்: OH⁻ பக்கம் +0.40, SO₄²⁻ பக்கம் +2.01. நேர் மதிப்பு குறைந்தது எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது, ஆக்ஸிஜன் வெளிவருகிறது.

கேத்தோடில் இதற்கு நேர்மாறு. Cu²⁺ +0.34, H⁺ 0.00, நேர் மதிப்பு கூடியதுதான் படிகிறது. "பெரிய எண் ஜெயிக்கும்" என்று மொத்தமாக மனப்பாடம் செய்தவர்கள் அனோடில் SO₄²⁻ என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். பழைய புத்தகத்திலிருந்து சமன்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். காரணத்தை மட்டும் புதிய புத்தகத்தின் சொற்களில் எழுதுங்கள்.

அப்புறம், இரண்டு புத்தகங்களையும் மூடிவிட்டு வேறொரு கேள்வி செய்யுங்கள். சில்வர் நைட்ரேட் கரைசல், இரண்டு வெள்ளி மின்வாய்கள்: செறிவு மாறுமா? காரணத்தை வேகத்தோடு சேர்த்து எழுத முடிந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். முடியாவிட்டால் அந்த இரண்டு சமன்பாடுகளுக்கே திரும்புங்கள்.