லைவ் தடுப்பூசி: இதில் ‘உயிர்’ எது, யாருக்கு அது ஆகாது?

தட்டம்மை ஊசிக் குப்பியில் ‘லைவ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். தமிழில் உயிருள்ள தடுப்பூசி என்கிறோம். அதைப் படித்துவிட்டு, நோயையே உடம்பில் ஏற்றுகிறார்களா என்று பதறுகிறவர்கள் உண்டு. இங்கே ‘உயிருள்ள’ என்றால் உடலுக்குள் போய்ப் பெருகக்கூடியது என்று மட்டும்தான் பொருள். இந்த ஊசி யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதைப் பெரும்பாலும் அந்தப் பெருக்கம்தான் முடிவுசெய்கிறது.

முதலில் ‘வேக்சின்’ என்ற சொல். லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்தார், பெயர் அங்கிருந்து வந்தது. எல்லா நோய்களின் தடுப்பு மருந்துக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம் என்று 1881இல் சொன்னவர் லூயி பாஸ்டர். நம் ஊரில் அம்மை குத்துதல் என்றார்கள், அந்த மருந்துக்கு அம்மைப்பால் என்று பெயர். இப்போது தடுப்பூசி நிலைத்துவிட்டது, ஆனால் போலியோ சொட்டு மருந்தில் ஊசியே கிடையாது. அதையும் சேர்த்துச் சொல்ல தடுப்பு மருந்துதான் சரி.

இனி வகைகள். லைவ் வகைக்கு ‘வீரியம் குறைத்த உயிர்க்கிருமி’ என்பது என் பார்வையில் பொருத்தமான தமிழ். 1954இல் பாஸ்டனில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த தட்டம்மை வைரஸை ஆய்வகத்தில் மனிதச் செல்களிலும் பிறகு கோழிக் கரு செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். புது இடத்துக்குப் பழகப் பழக மனித உடலில் அதன் வேகம் குறைந்தது. இந்தியக் குழந்தைகளுக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.ஆர். ஊசியில் இருக்கும் தட்டம்மை வைரஸும் அந்த வழியில் வந்ததுதான். உடலில் கொஞ்சம் பெருகும், எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு அடக்கிவிடும். அடக்க சக்தி இல்லாத உடலில்தான் சிக்கல்.

இன்னொரு வகை செயலிழக்கச் செய்த கிருமி. ஃபார்மலின் போன்ற ரசாயனத்தால் வைரஸைக் கெடுத்துவிடுவார்கள், உருவம் மட்டும் மிஞ்சும். வெறிநாய்க்கடி ஊசி, போலியோ ஊசி, கோவேக்சின் எல்லாம் இந்த வகை. பெருகாது என்பதால்தான் பல தவணை தேவைப்படுகிறது. 1955இல் அமெரிக்காவில் போலியோ ஊசியின் சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் செயலிழக்காமல் போய், குழந்தைகளுக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

மூன்றாவது வகை எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி. அதில் ‘எம்’ மெசஞ்சரைக் குறிக்கும், ஆகவே தமிழில் தூது ஆர்.என்.ஏ. இதில் கிருமியே இல்லை. கிருமியின் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மட்டும் கொழுப்புத் துளிக்குள் வைத்து வருகிறது. செல் அதைப் படித்துப் புரதத்தைச் செய்யும், குறிப்பு சில நாளில் சிதைந்துவிடும். மரபணு இருக்கும் உட்கருவுக்குள் அது போவதில்லை. பெருக வழியே இல்லாததால், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடலாம். அதன் பொருட்களுக்குக் கடும் ஒவ்வாமை இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும், இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத்தசை அழற்சி வந்திருக்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நெப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறால் முகம் வீங்கி வரும் நான்கு வயதுப் பையன், எடை 15 கிலோ. ஸ்டீராய்டு மாத்திரை கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் தினம் 30, ஆறு வாரத்துக்கு. நாளுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராமோ, மொத்தம் 20 மில்லிகிராமோ, அதற்கு மேலோ, 14 நாளுக்குக் குறையாமல் போனால் எதிர்ப்பு சக்தி அடங்கிவிட்டது என்று கணக்கு. ஆகவே அவனுக்கு இப்போது உயிருள்ள வகையான எம்.எம்.ஆர். என்ற தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசியும் சின்னம்மை ஊசியும் கூடாது, அந்த அளவு மருந்து நின்று குறைந்தது ஒரு மாதமாவது போக வேண்டும். ஃப்ளூ ஊசியும் நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் கிருமி பெருகாத வகை, அவற்றைப் போடலாம், போடவும் வேண்டும், பலன் மட்டும் கொஞ்சம் குறையலாம்.

அவன் தங்கைக்கு ஆறு வாரம், போலியோ சொட்டு மருந்து முறை வருகிறது. சொட்டு மருந்து உயிருள்ள வகை, குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறும், துணி மாற்றும் கை வழியாக அண்ணனுக்குப் போகலாம். அதனால் அவளுக்கும் அவனுக்கும் சொட்டுக்குப் பதில் போலியோ ஊசிதான். ஆனால் 9 மாதம் ஆனதும் அவளுக்கு எம்.ஆர். ஊசியைத் தயங்காமல் போடலாம். அதுவும் உயிருள்ளதுதான், இருந்தாலும் அந்தத் தட்டம்மை வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை, அவளுக்குத் தட்டம்மை வராவிட்டால் அண்ணனுக்கும் அது பாதுகாப்பு.

ஊசி போடுமிடத்தில் ‘காய்ச்சல் இருக்கா’ என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டு போய், மருந்தின் பெயர், தினசரி அளவு, எத்தனை நாளாக என்ற மூன்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள், கர்ப்பமாக இருந்தால் அதையும்.