ஹெட்லைனை மாற்றியாயிற்று, எண்களை எப்படிப் படிப்பது?

லிங்க்ட்இன் புரொஃபைலில் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனை மாற்றினால், மறுநாளே எண்களைப் பார்க்கக் கை துறுதுறுக்கும். புரொஃபைல் பார்வைகள் 171, தேடலில் தோன்றியது 58, பதிவுகளின் இம்ப்ரெஷன் 1,240 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். மூன்றும் பக்கம் பக்கமாக நிற்பதால் ஒரே காலத்தின் கணக்கு என்று தோன்றும். உண்மையில் பார்வைகள் கடந்த 90 நாள்களுக்கு உரியவை. மற்ற இரண்டும் ஒரு வாரக் கணக்கு.

பலர் இந்த 90 நாளில்தான் ஏமாறுகிறார்கள். அது நகர்ந்துகொண்டே இருக்கும் ஜன்னல். தினமும் ஒரு புது நாள் உள்ளே வரும், ஒரு பழைய நாள் வெளியே போகும். மாற்றம் செய்து ஒரு வாரம் ஆன பிறகும் அதில் 83 நாள்கள் பழைய ஹெட்லைனைப் பார்த்து வந்தவர்களின் கணக்கு. மூன்று மாதத்துக்கு முன் புது வேலையை அறிவித்து, அந்த ஒரு வாரத்தில் மட்டும் 60 பேர் எட்டிப்பார்த்திருந்தால், அந்த வாரம் ஜன்னலை விட்டு நழுவும்போது மொத்தமும் சரியும். இந்த வாரம் 20 பேர் வந்திருந்தாலும் எண் 40 குறைந்துதான் காட்டும். ‘புது ஹெட்லைன் கெடுத்துவிட்டது’ என்று பழையதற்குத் திரும்பிவிடுவார்கள், பாவம். மொத்த எண்ணை மறந்துவிட்டு, பார்வைகளுக்கான வரைபடத்தில் வாரவாரியாக இருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எந்தத் திருத்தம் எந்த எண்ணை அசைக்கும் என்று பார்க்க வேண்டும். தேடல் முடிவுகளில் உங்கள் புரொஃபைல் வந்ததைத்தான் ‘தேடலில் தோன்றியது’ என்று எண்ணுகிறார்கள். யாரும் உள்ளே வந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் சேர்த்த சொல்லை யாராவது தேடினால் இது ஏறும். அந்தப் பட்டியலில் தேடியவருக்குத் தெரிவதெல்லாம் படம், பெயர், ஹெட்லைன், ஊர் போன்ற சில வரிகள்தான். அதைப் பார்த்துச் சொடுக்கினால் அது ஒரு புரொஃபைல் பார்வை. ஆகவே ஹெட்லைன் இரண்டு எண்களையும் அசைக்கும், படம் சொடுக்குவதை மட்டும் அசைக்கும். ‘அபௌட்’ பகுதியை எவ்வளவு மெருகேற்றினாலும் பார்வைகள் நேரடியாக ஏறாது, ஏனென்றால் உள்ளே வந்த பிறகுதான் அதைப் படிக்க முடியும். அதன் பலனை உங்களுக்கு வரும் செய்திகளிலும் அழைப்புகளிலும்தான் தேட வேண்டும்.

ஒரு கணக்காளரை எடுத்துக்கொள்வோம். ‘சீனியர் அக்கவுண்டன்ட், தணிக்கை, வரி’ என்றிருந்த ஹெட்லைனை ‘டேட்டா அனலிஸ்ட், நிதி, சீனியர் அக்கவுண்டன்ட்’ என்று மாற்றுகிறார். மாற்றுவதற்கு முந்தைய நான்கு வாரங்களில் தேடலில் தோன்றியது 38, 45, 31, 42, மொத்தம் 156. புரொஃபைல் பார்வைகள் 14, 11, 17, 12, மொத்தம் 54. மாற்றம் நிகழ்ந்த வாரத்தில் பாதி பழையது, பாதி புதியது என்பதால் அதை விட்டுவிடுகிறார். அதற்குப் பிந்தைய நான்கு வாரங்களில் தேடலில் 61, 55, 64, 58, மொத்தம் 238. பார்வைகள் 15, 12, 16, 13, மொத்தம் 56.

இந்த ஏற்றம் நிஜமா, தற்செயலா? இதற்குக் கைவசம் ஒரு எளிய கணக்கு உண்டு. இப்படித் தனித்தனியாக வந்து சேரும் நிகழ்வுகளின் எண்ணிக்கை, எந்தக் காரணமும் இல்லாமலே ஏறத்தாழ தன் வர்க்கமூலத்தின் அளவுக்கு ஏறி இறங்கும். இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வித்தியாசம் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் நம்பலாம். தேடலில் 156-உம் 238-உம் சேர்ந்தால் 394, அதன் வர்க்கமூலம் சுமார் 20. வித்தியாசமோ 82, நான்கு மடங்கு. ஏற்றம் நிஜம். பார்வைகளில் 54-உம் 56-உம் சேர்ந்து 110, வர்க்கமூலம் சுமார் 10. வித்தியாசம் வெறும் 2. ஒன்றுமே நடக்கவில்லை. ‘40% அதிகம்’ என்று திரை குதூகலிக்கும்போதும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5 பேர் 7 பேர் ஆனாலும் அது 40% தான்.

ஆக, கணக்காளர் கூடுதலாக 82 முறை பட்டியலில் தோன்றியும் கூடுதலாக யாரும் சொடுக்கவில்லை. இதற்கான விடை தேடல் பக்கத்திலேயே கிடைக்கலாம். தேடியவர்கள் எந்த நிறுவனங்களில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அங்கே ஓரளவு காட்டுவார்கள். முன்பு நிதி மேலாளர்களும் ரெக்ரூட்டர்களும் இருந்த இடத்தில் இப்போது மென்பொருள் ஆள்களும் மாணவர்களும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ‘டேட்டா அனலிஸ்ட்’ என்ற சொல் அவரைத் தவறான பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. ஆள்கள் மாறாமல் சொடுக்கும் விகிதம் மட்டும் குறைந்திருந்தால் குறை வேறு. ஃபோனில் ஹெட்லைன் பாதியில் வெட்டுப்படுவதால், அவருடைய முக்கிய வேலை கடைசியில் போய் ஒளிந்திருக்கும்.

பதிவுகளின் இம்ப்ரெஷனை நான் இந்தச் சோதனையில் சாட்சியாக ஏற்கமாட்டேன். பதிவு ஒருவர் திரையில் காட்டப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள். ஒருவர் மூன்று முறை பார்த்தால் மூன்று. பதிவு யார் திரைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை ஹெட்லைன் திருத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் அதைக் குறித்து வைக்க வேண்டும், குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். ஒரு பதிவு வழக்கத்தைவிடப் பத்து மடங்கு ஓடிய வாரத்தில் பார்வைகளும் ஏறியிருந்தால், பாராட்டு பதிவுக்கே போக வேண்டும், ஹெட்லைனுக்கு அல்ல. பிறர் பதிவுகளில் நிறையக் கருத்து எழுதினாலும், பலருடைய புரொஃபைலை நீங்கள் போய்ப் பார்த்தாலும் அவர்கள் திரும்ப வந்து எட்டிப்பார்ப்பார்கள். அதனால் ஒப்பிடும் வாரங்களில் இந்த நடமாட்டம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கட்டும். வேலை விவரத்தைத் திருத்தும்போது, மாற்றத்தைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிடுவதும் நல்லது. அது எரிந்துகொண்டிருந்தால் சில நாள் வாழ்த்துக் கூட்டம் வந்து போகும், எண் பொய்யாக எழும்.

கணக்காளர் இப்போது ‘சீனியர் அக்கவுண்டன்ட், தணிக்கை, வரி, நிதித் தரவு’ என்று மாற்றுகிறார். வேறு எதையும் தொடவில்லை, தேதியைக் குறித்துக்கொள்கிறார். வாரத் தேடல் எண் 60-லிருந்து 45-க்கு இறங்கலாம், அதில் கவலையில்லை. அடுத்த நான்கு முழு வாரங்களில் பார்வைகள் 80-ஐத் தொட வேண்டும், அதாவது வாரத்துக்கு 20. 56-உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 24, வர்க்கமூலம் சுமார் 11.7, இரு மடங்கு என்ற கோட்டை ஒட்டித் தாண்டிவிடும். 65-இல் நின்றால் முடிவெடுக்க முடியாது. இன்னும் நான்கு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.