தோப்பு அவருடையது, காய் யார் வசம்?

கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என் அலுவலகத்துக்குப் படிக்க வருவார்கள். போன வாரம் அவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். மாந்தோப்புக்காரர் ஒருவர் இந்த சீசன் காயைக் குத்தகைக்கு விட்டு முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார். குத்தகைதாரர் காவலுக்கு ஆள் போட்டு, தோப்பைத் தன் வசத்தில் வைத்திருக்கிறார். ஒரு ராத்திரி தோப்புக்காரரே ஆள் கூட்டி வந்து பத்து கிரேட் பெங்களூரா மாங்காய் பறித்து மண்டியில் விற்றுவிடுகிறார். இது திருட்டா?

வந்திருந்த ஆறு பேரில் நாலு பேர் இல்லை என்று எழுதினார்கள். "சார், தோப்பே அவருடையதுதானே?" என்று ஒரு பெண் கேட்டாள். "தோப்பு அவருதும்மா. காய் யார் வசம் இருந்துச்சு?" என்றேன்.

புத்தகம் பார்க்க முடியாத தேர்வில் மார்க் போவது இப்படித்தான். பிரிவு எண் நினைவிருக்கும், வரையறையும் பாதி வரும், ஒரு கூறு மட்டும் நழுவிவிடும். அதனால் திருட்டுக்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்: நேற்று அவன் வண்டியைச் சந்தையில் நகர்த்தினான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கூறு: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், வசம், சம்மதமின்மை, நகர்த்தல். பாரதிய நியாய சன்ஹிதா 303(1) கேட்பது இந்த ஐந்தைத்தான். பழைய தண்டனைச் சட்டத்தின் 378-ம் இதையேதான் கேட்டது. 2024 ஜூலை 1 முதல் எண் மாறியிருக்கிறது, கூறுகள் மாறவில்லை. ஆகவே கூறுகளை முதலில் பிடியுங்கள், எண்ணை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்து நினைவிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு எழுத்துக்கும், அது ஒன்று மட்டும் இல்லாததால் திருட்டு ஆகாமல் போகும் ஒரு சம்பவத்தைச் சொல்லத் தெரியவேண்டும். தன்னுடையது என்று நல்லெண்ணத்தில் நம்பி அடுத்தவர் குடையை எடுத்தவனிடம் நேர்மையற்ற எண்ணம் இல்லை. நிலத்தை வளைத்துப் போட்டவன் எடுத்தது அசையும் பொருள் அல்ல. நெடுஞ்சாலையில் யார் வசத்திலும் இல்லாமல் கிடந்த மோதிரத்தை எடுத்தது திருட்டு அல்ல; கையாடல் ஆகலாம். கேட்டு வாங்கிய சைக்கிளில் சம்மதம் இருக்கிறது. பைக்குள் கைவிட்டுப் பர்ஸை நகர்த்துமுன் பிடிபட்டவன் முயற்சியோடு நிற்கிறான். இந்த ஐந்தையும் வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, புத்தகத்தைத் திறக்காமல் எழுதவேண்டும். எதிர்ச் சம்பவம் வராத எழுத்து எதுவோ, அதை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

மாங்காய்க்கு வருவோம். மரத்தில் தொங்கும்வரை அது நிலத்தோடு ஒட்டியது, அசையும் பொருள் அல்ல. பறித்ததும் அசையும் பொருளாகிவிடுகிறது. பறிக்கும் செயலே நகர்த்தலாகவும் இருக்கலாம் என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது. குத்தகைதாரரின் சம்மதம் இல்லை. காசு வாங்கிய பிறகு எடுத்ததால் அவருக்கு முறையற்ற நஷ்டம், இவருக்கு முறையற்ற லாபம். நேர்மையற்ற எண்ணம் அதில் தெரிகிறது. மிச்சம் வசம். சட்டம் கேட்பது வசத்தை, உரிமையை அல்ல. அடகு வைத்த தன் கடிகாரத்தையே கடனை அடைக்காமல் எடுத்துக்கொள்வது திருட்டு என்று பிரிவின் உதாரணத்திலேயே இருக்கிறது. தோப்புக்காரர் செய்ததும் திருட்டுதான்.

நெட்டில் கிடைக்கும் இங்கிலாந்துக் குறிப்புகளிலிருந்து சூத்திரம் எடுக்காதீர்கள். அங்கே 1968-ம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும். நம் சட்டத்தில் அது வேண்டாம். விமானத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அனுமதியின்றி ஓட்டிச் சென்ற கே.என். மெஹ்ரா வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கடன் வாங்கிய ஆறாவது எழுத்தை எழுதினால் சரியான விடையும் தப்பாகிவிடும்.

தீங்கியலில் கவனக்குறைவுக்கு இந்த எழுத்து முறையை நான் சொல்வதில்லை. திருட்டின் ஐந்து கூறுகளை எந்த வரிசையில் எழுதினாலும் விடை நிற்கும். கவனக்குறைவு அப்படியல்ல. கடமை இருந்தால்தான் மீறல் என்ற பேச்சு வரும். அந்த மீறலால்தான் பாதிப்பு வந்ததா என்பது அடுத்த கேள்வி. இதைச் சங்கிலியாகத்தான் படிக்கவேண்டும்: "கடமை இருந்தது, அதை மீறினார், அந்த மீறலால் இந்தப் பாதிப்பு வந்தது." வாய்விட்டுச் சொல்லும்போது "அந்த மீறலால்" விட்டுப்போனால், விடைத்தாளில் காரணத் தொடர்பு விட்டுப்போகும்.

தேர்வு அறையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நே, அ, வ, ச, ந என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடை முடிந்ததும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பத்தி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண் நேற்று மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள். 'வ'வுக்கு மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருந்தாள்.